பிஜிவி-யில் தேதி இடித்தால் என்ன ஆகும்?

ஆஃபர் லெட்டர் வந்ததும் பழைய கம்பெனியில் பேப்பர் போட்டுவிடுகிறோம். நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போது, நாம் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வருகிறது. புதுக் கம்பெனி சார்பாக எழுதுகிறோம் என்று சொல்லி ஒரு லிங்க் தருகிறார்கள். உள்ளே போனால் நீளமான படிவம், ஆவணங்களை ஏற்றும் இடம், கையெழுத்துப் போட ஓர் ஒப்புதல் கடிதம். இதுதான் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், எல்லோரும் சொல்கிற பேரில் பிஜிவி. பலர் இந்தப் படிவத்தை ராத்திரி பதினோரு மணிக்கு, ஞாபகத்தில் இருப்பதை வைத்து, அரை மணி நேரத்தில் நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். பிற்பாடு வரும் சிக்கல்களில் நிறைய அந்த அரை மணி நேரத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

சென்னையில் இப்படிப்பட்ட ஒரு சரிபார்ப்பு நிறுவனத்தில் சில வருடங்கள் இருந்தேன். முன்னாள் கம்பெனிகளுக்கு எழுதிப் பதில் வாங்குவதும், அந்தப் பதிலைப் படிவத்தோடு ஒப்பிடுவதும் என் வேலை. அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சிக்கலில் மாட்டுபவர்களில் பலர் பொய் சொன்னவர்கள் அல்ல. தங்களைப் பற்றிய பதிவுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எதையெல்லாம் பார்க்கிறார்கள்

எல்லாருக்கும் எல்லாச் சோதனையும் நடப்பதில்லை. எதைப் பார்க்க வேண்டும், எத்தனை வருடம் பின்னால் போக வேண்டும் என்பதை வேலை தரும் கம்பெனி தீர்மானிக்கிறது. ஐடி கம்பெனி என்றால், நீங்கள் வேலை பார்க்கப்போகும் வாடிக்கையாளரும் சில நிபந்தனைகள் வைத்திருப்பார். வெளிநாட்டு வங்கி புராஜெக்ட் என்றால் பட்டியல் நீளும். சிபில் அறிக்கை, போதைப்பொருள் சோதனை வரைக்கும் போகலாம்.

பொதுவாக நடப்பவை இவை. ஆதார், பான் போன்ற அடையாள அட்டைகள் சரியா என்று பார்ப்பார்கள். முகவரிக்கு ஆள் வருவார், அல்லது லிங்க் அனுப்பி வீட்டு வாசலில் நின்று போனில் படம் எடுக்கச் சொல்வார்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், முகவரி மூன்றையும் வைத்து நீதிமன்றப் பதிவுகளில் தேடுவார்கள். இங்கே பொதுவான பெயர்க்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அதே பெயரில் வேறொருவர் மீது இருக்கும் வழக்கு உங்கள் அறிக்கையில் வந்து நிற்கலாம். அப்பா பெயரையும் பழைய முகவரிகளையும் முழுதாகக் கொடுத்திருந்தால் அதை விலக்குவது எளிது.

படிப்பைப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு உறுதி செய்வார்கள். நம் ஊர்ப் பொறியியல் பட்டதாரிகள் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இது. கல்லூரி பெயரை எழுதிவிட்டு, பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் பெயரை விட்டுவிடுவார்கள். அதைவிட முக்கியம் தேர்ச்சி பெற்ற வருடம். 2016 ஏப்ரலில் நான்கு வருடம் முடிந்திருக்கும், ஓர் அரியர் இருந்து 2017 நவம்பரில்தான் எழுதித் தேறியிருப்பார்கள். படிவத்தில் 2016 என்று போடுவார்கள். பல்கலைக்கழகம் 2017 என்று பதில் தரும். அரியர் இருந்தது தப்பே இல்லை. ஆனால் அறிக்கையில் அது ‘பொருந்தவில்லை’ என்று ஏறும். ப்ரொவிஷனல் சான்றிதழில் அச்சாகியிருக்கும் மாதத்தையும் வருடத்தையும் அப்படியே எழுதினால் இந்தப் பேச்சே எழாது.

இவை எல்லாவற்றையும்விட அதிக நாள் இழுப்பதும், அதிகம் இடிப்பதும் முந்தைய வேலைகள் பற்றிய சோதனைதான். அதனால் மீதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முன்னாள் கம்பெனியிடம் என்ன கேட்கிறார்கள்

நீங்கள் படிவத்தில் எழுதியதை எடுத்து, பழைய கம்பெனியின் ஹெச்ஆருக்கு அலுவலக மின்னஞ்சலில் அனுப்புவோம். பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே தனி இணையதளம் இருக்கும். பணியாளர் எண், சேர்ந்த தேதி, கடைசி வேலை நாள், டெசிக்னேஷன், கடைசிச் சம்பளம், விலகிய காரணம், திருப்பிக் கொடுக்க வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா, மறுபடி வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்போம். சிலர் எல்லாவற்றுக்கும் பதில் தருவார்கள். பல கம்பெனிகள் தேதிகளையும் டெசிக்னேஷனையும் மட்டும் உறுதி செய்துவிட்டு மற்றதற்கு வாய் திறக்காது.

ஹெச்ஆர் சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை. இப்போது பல கம்பெனிகள் பிஎஃப் பதிவையும் பார்க்கின்றன. உங்களுக்கு 12 இலக்கத்தில் ஒரு யுஏஎன் இருக்கும். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. அதில் `Service History` என்ற பக்கத்தைத் திறந்தால், உங்களுக்காகப் பிஎஃப் கட்டிய ஒவ்வொரு கம்பெனியும், நீங்கள் சேர்ந்த தேதி `DOJ EPF` என்றும் விலகிய தேதி `DOE EPF` என்றும் வரிசையாக இருக்கும். சில கம்பெனிகள் வருமான வரியின் 26ஏஎஸ் அறிக்கையையும் கேட்கும். யார் உங்கள் சம்பளத்தில் டிடிஎஸ் பிடித்தார்கள் என்று அது காட்டும்.

ஆக உங்கள் பழைய வேலை ஒன்றுக்கு நான்கு இடங்களில் தேதி இருக்கிறது: நீங்கள் எழுதிய படிவம், ரிலீவிங் லெட்டர், பிஎஃப் பதிவு, வரிப் பதிவு. நான்கையும் எழுதியவர்கள் வெவ்வேறு ஆட்கள். நான்கும் வெவ்வேறு நோக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஆகவே அவற்றுக்குள் வேறுபாடு இருப்பது அபூர்வமான விஷயம் இல்லை.

தேதி ஏன் இடிக்கிறது

மிகச் சாதாரணமான காரணம் படிவத்தின் காலண்டர்தான். மாதமும் வருடமும் மட்டும் ஞாபகம் இருக்கும், ஆனால் படிவம் நாளையும் கேட்கும். எல்லோரும் 1-ஆம் தேதியைத் தட்டிவிடுவார்கள். உண்மையில் சேர்ந்தது 18-ஆம் தேதியாக இருக்கும். இது சில நாள் வேறுபாடு. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது கடைசி வேலை நாள். ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சலில் ஒரு தேதி இருக்கும். அப்புறம் கம்பெனி முன்கூட்டியே விடுவித்திருக்கும், அல்லது விடுப்பு எடுத்ததால் தள்ளிப்போயிருக்கும். மனசில் நிற்பது முதலில் சொன்ன தேதி. ரிலீவிங் லெட்டரில் இருப்பது இரண்டாவது.

இன்டர்ன்ஷிப்பும் குழப்பும். ஆறு மாதம் இன்டர்னாக இருந்து அதே கம்பெனியில் வேலையில் சேர்ந்தவர்கள், இன்டர்னாகப் போன முதல் நாளையே சேர்ந்த தேதியாக எழுதுவார்கள். ஹெச்ஆர் பதிவில் நிரந்தர வேலையில் சேர்ந்த நாள்தான் இருக்கும். இரண்டையும் தனித்தனி வரியாக எழுதியிருந்தால் கேள்வி வராது.

பிஎஃப் தேதி இடிப்பது இன்னொரு வகை. நீங்கள் விலகியதும் `DOE EPF` தானாகப் பதிவாகிவிடாது. பழைய கம்பெனியில் பிஎஃப் வேலையைப் பார்ப்பவர் அதை உள்ளே ஏற்ற வேண்டும். சிலர் ஏற்றவே மாட்டார்கள். அப்படி விட்டால், அந்தக் கம்பெனியில் நீங்கள் இன்றுவரை வேலை பார்ப்பதுபோல் பதிவு காட்டும். சிலர் உங்கள் கடைசி நாள் எது என்று பார்க்காமல் மாதக் கடைசித் தேதியைப் போட்டுவிடுவார்கள். அதுவும் ஒரு மாதம் தள்ளிப் போயிருந்தால், பழைய வேலையும் புது வேலையும் ஒரே சமயத்தில் நடந்ததாக ஆகிவிடும். இதைத்தான் ஓவர்லாப் என்கிறோம்.

ஓவர்லாப் என்றாலே கம்பெனிகள் நிமிர்ந்து உட்காரும். 2022-இல் விப்ரோ, போட்டிக் கம்பெனிகளிலும் வேலை பார்த்ததாகச் சொல்லி 300 பேரை நீக்கியது ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் மூன்லைட்டிங் பற்றிய பேச்சு ஐடி முழுக்க நடந்தது. அதிலிருந்து பிஎஃப் வரிசையை யாரும் மேலோட்டமாகப் பார்ப்பதில்லை.

வரிப் பதிவிலும் இதே தோற்றம் வரலாம். நீங்கள் ஜூனில் விலகியிருப்பீர்கள். ஃபுல் அண்ட் ஃபைனல் பணம் ஆகஸ்டில் வந்திருக்கும். அதில் பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்-இல் ஆகஸ்ட் என்றே விழும். பார்ப்பவருக்கு, ஆகஸ்டிலும் அங்கே சம்பளம் வாங்கியதுபோல் தெரியும். ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்குத் தாள் ஒன்று கையில் இருந்தால் இது இரண்டு நிமிட விஷயம். பலர் அந்தத் தாளைப் பணம் வந்ததும் மறந்துவிடுகிறார்கள். அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்ட பிறகு அதைத் திரும்ப வாங்குவது கஷ்டம்.

பதவிப் பெயரும் கம்பெனிப் பெயரும்

டெசிக்னேஷன் விஷயத்தில் மனிதர்கள் உண்மையைத்தான் எழுதுகிறார்கள், ஆனால் வேறோர் உண்மையை. ஒரு வருடம் ஐந்து பேரை வழிநடத்தியவர் தன்னை டீம் லீட் என்று எழுதுகிறார். அவர் அந்த வேலையைத்தான் செய்தார். ஆனால் ஹெச்ஆர் பதிவில் அவர் பெயருக்கு எதிரே ‘சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்’ என்று இருக்கும். ஹெச்ஆர் அவருடைய டீமைப் பார்த்ததில்லை, பதிவைப் பார்த்துப் பதில் சொல்கிறார்.

படிவத்தில் டெசிக்னேஷன் என்று கேட்டால், கடைசி ரிலீவிங் அல்லது எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் என்ன சொல் இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் எழுதுங்கள். செய்த வேலையை ரெஸ்யூமேயில் விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. பதவி உயர்வு வந்து, அதற்கான கடிதம் கையில் இருந்து, ரிலீவிங் லெட்டரில் மட்டும் பழைய பெயர் இருந்தால், அந்தக் கடிதத்தையும் சேர்த்தே ஏற்றிவிடுங்கள்.

எல்லா டெசிக்னேஷன் வேறுபாடும் ஒரே எடை கொண்டதல்ல. ‘அசோசியேட்’ என்பதற்குப் பதில் ‘அனலிஸ்ட்’ என்று இருந்தால் அது பெயர் வேறுபாடு. ‘இன்ஜினியர்’ என்பதற்குப் பதில் ‘மேனேஜர்’ என்று இருந்தால், அந்த ஒரு சொல்லை நம்பித்தான் புதுக் கம்பெனி உங்களுக்கு இந்தப் பதவியையும் இந்தச் சம்பளத்தையும் தந்திருக்கலாம். இரண்டாவது வகையில் விளக்கம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கஷ்டம்தான்.

இதைவிடப் பெரிய சிக்கல் கம்பெனிப் பெயரில் வருகிறது. தர்ட் பார்ட்டி பேரோலில் வேலை பார்த்தவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒரு ஆள் சப்ளை நிறுவனம் உங்களை வேலைக்கு எடுத்து, பெரிய வங்கி ஒன்றின் அலுவலகத்தில் உட்கார வைத்திருக்கும். மூன்று வருடம் அந்த வங்கியின் அடையாள அட்டையைத்தான் கழுத்தில் மாட்டியிருப்பீர்கள். எங்கே வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் வங்கியின் பெயரைத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பழக்கத்தில் படிவத்திலும் அதையே எழுதினால், நாங்கள் வங்கிக்கு எழுதுவோம், ‘இப்படி ஒருவர் எங்கள் பதிவில் இல்லை’ என்று பதில் வரும். எங்கள் மேசையில் வரும் பதில்களிலேயே மோசமான பதில் அதுதான். உண்மையாக மூன்று வருடம் உழைத்தவருக்கும், போலி எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கியவருக்கும் ஒரே பதில் வருகிறது.

யார் உங்களுக்குச் சம்பளம் போட்டார்களோ, யார் பிஎஃப் கட்டினார்களோ, அவர்களே உங்கள் முதலாளி. படிவத்தில் அவர்கள் பெயர் வர வேண்டும். வாடிக்கையாளர் பெயரைப் பணியிடம் என்று பக்கத்தில் எழுதலாம்.

கம்பெனியே பெயர் மாறியிருந்தாலும் இதே போலத்தான். மைண்ட்ட்ரீயும் எல் அண்ட் டி இன்ஃபோடெக்கும் 2022 நவம்பரில் ஒன்றாகி எல்டிஐமைண்ட்ட்ரீ ஆயின. 2021-இல் ஆஃபர் லெட்டர் வாங்கியவரிடம் ஒரு பெயரும், 2023-இல் ரிலீவ் ஆனபோது வேறு பெயரும் இருக்கும். இரண்டு கம்பெனி என்று எழுதக் கூடாது. இப்போதைய பெயரை எழுதி, முன்னாள் பெயரை அருகில் குறிப்பிட்டால் போதும்.

பச்சை, ஆம்பர், சிவப்பு

எல்லாப் பதில்களும் வந்ததும் அறிக்கை தயாராகும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு நிறம். எல்லாம் பொருந்தினால் பச்சை. சிறிய வேறுபாடு, அல்லது உறுதி செய்ய முடியாத நிலை என்றால் ஆம்பர். பெரிய வேறுபாடு, போலி ஆவணம், பதிவில் இல்லை என்றால் சிவப்பு. பழைய கம்பெனி மூடிப்போய், பதில் சொல்ல ஆளே இல்லை என்றால் அது உங்கள் குற்றம் இல்லை. பேஸ்லிப், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, ஃபார்ம் 16, பிஎஃப் பதிவு இவற்றைக் கொண்டு மாற்று வழியில் பார்ப்பார்கள்.

நிறம் தருவது சரிபார்ப்பு நிறுவனம். ஆனால் என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேலை தரும் கம்பெனி. எத்தனை நாள் வேறுபாடு வரைக்கும் பரவாயில்லை என்று ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கும். ஒரு கம்பெனியில் ஒரு மாதம் வரை விட்டுவிடுவார்கள், இன்னொன்றில் ஒரு வாரத்துக்கே கேள்வி கேட்பார்கள். நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதால் உங்களுக்கும் ஆகாது என்று நினைக்க முடியாது.

முடிவெடுப்பவர்கள் நாள் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வேறுபாட்டால் உங்களுக்கு என்ன லாபம் என்று பார்க்கிறார்கள். பத்து நாள் வேறுபாட்டால் யாருக்கும் ஒன்றும் கிடைக்காது. நான்கு மாதம் வேலை இல்லாமல் இருந்ததை மறைக்கத் தேதியை நீட்டியிருந்தால், அல்லது இரண்டு மாதத்தில் விட்டுவந்த ஒரு கம்பெனியை எழுதாமலே விட்டிருந்தால், அதற்கு ஒரு நோக்கம் தெரிகிறது. கேப் இருப்பதற்காக ஆஃபரைத் திரும்ப எடுத்ததை நான் பார்த்ததில்லை. கேப்பை மூடி மறைத்ததற்காக எடுத்ததைப் பல தடவை பார்த்திருக்கிறேன். பிஎஃப் பதிவில் அந்த இரண்டு மாதக் கம்பெனி அப்படியே உட்கார்ந்திருக்கும்.

வேறுபாடு தெரிந்தால் உடனே ஆஃபர் போய்விடாது. பெரும்பாலும் முதலில் ஹெச்ஆரிடமிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வரும். ஒன்றிரண்டு நாளில் பதில் சொல்லச் சொல்வார்கள். அந்தப் பதிலைப் பொறுத்து, ஏற்றுக்கொள்ளலாம், பதிவைத் திருத்தி வரச் சொல்லலாம், ஆஃபரைத் திரும்ப எடுக்கலாம். சேர்ந்த பிறகு அறிக்கை வந்து, அதில் சிவப்பு இருந்தால் வேலையை விட்டே அனுப்பலாம். நியமனக் கடிதத்திலேயே அதற்கு ஒரு வரி இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். படிவத்தில் எழுதியதற்கும் ரிலீவிங் லெட்டருக்கும் மூன்று வாரம் வேறுபாடு. லெட்டரை ஏற்றும்போதுதான் அவருக்கே தெரிந்திருக்கிறது. பயந்துபோய், லெட்டரில் இருந்த தேதியைப் படிவத்துக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றிவிட்டார். நாங்கள் அந்த லெட்டரைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டோம். ‘இது நாங்கள் தந்த கடிதம் இல்லை’ என்று அசலின் நகலோடு பதில் வந்தது. அவர் பேசாமல் விட்டிருந்தால் ஆம்பர். ஒரு விளக்கத்தோடு முடிந்திருக்கும். மாற்றியதால் போலி ஆவணம் என்ற பிரிவில் போயிற்று, அதற்கு விளக்கம் என்று ஒன்று கிடையாது. அந்த அறிக்கையை நான்தான் எழுதினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஒரு பெண்ணின் அறிக்கை

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஆளிடம் கூடிவந்தால் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். கீழே வருவது நான் சேர்த்துக்கட்டிய உதாரணம். ஆனால் இதிலுள்ள ஒவ்வொரு சிக்கலும் தினமும் நடப்பது.

2024-இல் ஒரு பெண்ணுக்குப் புது ஆஃபர் வருகிறது. அவர் படிவத்தில் மூன்று வேலைகள் எழுதினார். முதல் கம்பெனி 8 ஆகஸ்ட் 2016 முதல் 29 மார்ச் 2019 வரை. இரண்டாவது ஒரு வங்கி, 1 ஏப்ரல் 2019 முதல் 30 ஜூன் 2022 வரை, டீம் லீட். மூன்றாவது இப்போதைய கம்பெனி, 4 ஜூலை 2022-இல் சேர்ந்தது.

பதில்கள் வந்தன. முதல் கம்பெனி, கடைசி நாள் 22 பிப்ரவரி 2019 என்றது. 35 நாள் வேறுபாடு. வங்கி, பதிவில் இல்லை என்றது. பிஎஃப் வரிசையில் இரண்டாவது இடத்தில் அவர் எழுதாத ஒரு ஆள் சப்ளை நிறுவனம் இருந்தது. அதில் விலகிய தேதி 31 ஜூலை 2022. மூன்றாவது வேலையோடு 28 நாள் ஓவர்லாப். பார்க்கிறவருக்கு இது எப்படித் தோன்றும்? கேப்பை மறைத்திருக்கிறார், இல்லாத வேலையை எழுதியிருக்கிறார், ஒரு கம்பெனியை வேண்டுமென்றே மறைத்திருக்கிறார், இரண்டு இடத்தில் சம்பளம் வாங்கியிருக்கிறார். நான்குமே உண்மை இல்லை.

ஹெச்ஆர் விளக்கம் கேட்டார். அந்தப் பெண் செய்த முதல் நல்ல காரியம், போனில் படபடப்பாகப் பேசாமல் ஒரு நாள் எடுத்து ஆவணங்களைத் தேடியது. அப்புறம் ஒவ்வொரு வேறுபாட்டுக்கும் தனித்தனியாக, என்ன எழுதினேன், பதிவில் என்ன இருக்கிறது, ஏன் மாறியது, ஆதாரம் எது என்று நான்கு வரியில் எழுதினார்.

முதல் தேதிக்கு, அவர் 28 ஜனவரி 2019-இல் ராஜினாமா கொடுத்திருந்தார். 60 நாள் நோட்டீஸ் கணக்கில் 29 மார்ச் கடைசி நாள் என்று கம்பெனி பதில் அனுப்பியிருந்தது. அப்புறம் புராஜெக்ட் முடிந்ததால் பிப்ரவரி 22-ஆம் தேதியே விடுவித்துவிட்டார்கள். அவர் மனதில் நின்றது மார்ச். இரண்டு மின்னஞ்சல்களையும் வைத்தார். 37 நாள் கேப் இருந்ததையும் தானே எழுதி ஒப்புக்கொண்டார்.

வங்கிக்கு, தன்னை வேலைக்கு எடுத்தது ஆள் சப்ளை நிறுவனம், வங்கியில் பணியமர்த்தப்பட்டேன் என்று எழுதி, அந்த நிறுவனத்தின் ஆஃபர் லெட்டர், வங்கியில் பணியமர்த்திய கடிதம், மூன்று பேஸ்லிப், அதே மாதங்களில் சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குப் பக்கங்கள் எல்லாவற்றையும் தந்தார். அவருடைய உண்மையான டெசிக்னேஷன் கன்சல்டன்ட். டீம் லீட் என்பது வாடிக்கையாளர் இடத்தில் பார்த்த பொறுப்பு என்றும், கடிதத்தில் அந்தச் சொல் இல்லை என்றும் நேராகச் சொன்னார்.

ஓவர்லாப்புக்குத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ரிலீவிங் லெட்டரில் 30 ஜூன் என்று இருக்கிறது, பிஎஃப்-இல் 31 ஜூலை. அவர் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தார். ஜூன் சம்பளத்துக்கான பிஎஃப் பணத்தை கம்பெனி ஜூலை 15-க்குள் கட்ட வேண்டும். அதனால் பாஸ்புக் வரியில் கட்ட வேண்டிய மாதம் என்று ஜூலை வரும். பிஎஃப் வேலை பார்த்தவர் அதைப் பார்த்து ஜூலைக் கடைசியை விலகிய தேதியாகப் போட்டிருக்கிறார். ஆனால் ஜூலை மாதச் சம்பளத்துக்கு அந்த நிறுவனம் ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை என்று அதே பாஸ்புக் காட்டியது. வேலை பார்க்காத மாதத்துக்குச் சம்பளமும் இல்லை, பிஎஃப்-உம் இல்லை. அந்தப் பக்கத்தையும் ரிலீவிங் லெட்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அனுப்பினார். பதிவில் ஏற்கெனவே ஏறிவிட்ட தேதியை அவரால் அப்போது தனியாளாக மாற்ற முடியவில்லை. பழைய நிறுவனத்தோடு சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத்தான் திருத்த வேண்டியிருந்தது. அதற்கான கோரிக்கையையும் போட்டு, அதன் நகலை இணைத்தார். தேதியே ஏறாமல் காலியாக இருந்திருந்தால் வேலை இதைவிடச் சுலபம். கடைசியாகப் பிஎஃப் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழித்து, `Mark Exit` பக்கத்தில் ஆதார் ஓடிபி கொடுத்துத் தானே பதிவு செய்திருக்கலாம். அப்படிச் செய்பவர்கள் ரிலீவிங் லெட்டரை முன்னால் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும், ஏனென்றால் ஒருமுறை போட்டதைப் பிறகு திருத்துவது எளிதல்ல.

சரிபார்ப்பு நிறுவனம் மறுபடி ஆள் சப்ளை நிறுவனத்துக்கு எழுதியது. இந்தத் தடவை பதில் நான்கு நாளில் வந்தது: சேர்ந்தது 1 ஏப்ரல் 2019, விலகியது 30 ஜூன் 2022, கன்சல்டன்ட், பாக்கி எதுவும் இல்லை. வங்கி பெயரில் இருந்த சிவப்பு நீங்கி, அந்த இடத்தில் பச்சை வந்தது. முதல் கம்பெனியின் தேதி ஆம்பராகவே நின்றது, விளக்கம் ஏற்கப்பட்டது என்ற குறிப்போடு. டீம் லீட் என்ற சொல்லை மட்டும் ஹெச்ஆர் விடவில்லை. எத்தனை பேரைப் பார்த்துக்கொண்டீர்கள், யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்து, வங்கியில் அவருடைய மேலாளராக இருந்தவரிடம் பேசினார்கள். அவர் உறுதி செய்த பிறகுதான் சேரும் தேதி வந்தது, முதலில் சொன்னதைவிட இரண்டு வாரம் தள்ளி.